அறைக்குள் வைக்கும் அட்டை: ஊட்டி நாட்குறிப்பு

ஆகஸ்ட் 27

எங்கள் ஓட்டலுக்கு நாளை மறுநாள் வரும் ஒரு முன்பதிவில் ஏஜென்ட் 'ஹனிமூன்' என்று குறித்திருக்கிறார். அதை மட்டும் நம்பி வாழ்த்து எழுத மாட்டேன். அறை அலங்காரம் கிடைக்கட்டும் என்று, கல்யாண நாள் கொண்டாட வருகிறவர்களுக்கும் இதே குறிப்பைப் போட்டுவிடுவார்கள். மதுரையில் இருக்கும் மாப்பிள்ளைக்கே போன் செய்தேன். புதுமணத் தம்பதிதான், ஆவணி முகூர்த்தம்.

முன்பதிவு மாப்பிள்ளை பெயரில் மட்டுமே இருந்தது. அட்டையில் இருவர் பெயரையும் எப்படி எழுதட்டும் என்று கேட்டேன். மனைவியின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். அவர் பெயருக்குப் பதில் 'திருமதி' போட்டுக் கணவர் பெயரை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த அறைக்கு அவரும் விருந்தினர்தானே.

ஆகஸ்ட் 28

புதிதாகச் சேர்ந்த பையனை முதலில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். கையெழுத்து அழகு. ஆனால் 'அடுத்த முறை மூவராக வாருங்கள்' என்று முடித்திருந்தான். ஊரில் பெரியவர்கள் சொல்லும் வாழ்த்துதான், ஆனால் அதைச் சொல்ல நாம் உறவுக்காரர் இல்லை. குழந்தை எப்போது, வேண்டுமா என்பதெல்லாம் அவர்கள் பேச்சு. 'காலையில் மெதுவாக எழுந்திருங்கள்' என்பதையும் எடுக்கச் சொன்னேன். நல்ல மனதோடு எழுதியதுதான், ஆனாலும் இன்னோர் அர்த்தத்தில் படித்தால் கூச்சமாகிவிடும். காலை உணவு எதுவரை என்று சொன்னால் அதே அக்கறை போய்ச் சேரும்.

பெயர்களுக்குக் கீழே கடைசியில் நின்றது இது:

"திருமண வாழ்த்துகள். உங்கள் பயணத்தில் எங்கள் ஊரையும் சேர்த்துக்கொண்டதில் மகிழ்ச்சி. காலை உணவு பத்தரை வரை உண்டு. தொட்டபெட்டாவுக்குக் காலையிலேயே கிளம்புவது நல்லது, மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிடும். வண்டி வேண்டுமென்றால் வரவேற்பறையில் சொல்லுங்கள்."

அடியில் என் பெயரும் பொறுப்பும். 'ஓட்டல் நிர்வாகம்' என்று போட்டால் கையால் எழுதியதற்கே பொருள் இல்லாமல் போகும்.

ஆகஸ்ட் 29

காலையிலிருந்து சாரல். இந்த ஈரத்தில் பளபளப்பான அட்டையில் ஜெல் பேனா மை லேசில் காயாது, விரல் பட்டால் இழுவிவிடும். அதனால் வழவழப்பில்லாத கெட்டி அட்டை, சாதாரண பால்பாயின்ட் பேனா. எழுதி முடித்து, விரித்தபடியே கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மடித்தேன்.

ஹவுஸ்கீப்பிங்கில் அட்டையைக் கட்டிலில், ரோஜா இதழ்களுக்கு நடுவே வைக்கப் பார்த்தார்கள். வேண்டாம் அக்கா என்றேன். இதழின் ஈரம் அட்டையில் ஏறும். அதோடு, முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய கடிதத்துக்குப் படுக்கை இடமில்லை. ஜன்னலோர மேசையில், டீ கெட்டிலுக்குப் பக்கத்தில், பெயர்கள் கதவைப் பார்க்க நிறுத்தி வைத்தோம்.

மூன்று மணிக்கு வந்தார்கள். எல்லார் முன்னாலும் வாழ்த்துச் சொல்லி நிறுத்திவைக்காமல் சாவியைக் கொடுத்து அனுப்பினேன். மாலையில் அந்தப் பெண்ணே போன் செய்து, என்னைப் பெயர் சொல்லிக் கேட்டார். தொட்டபெட்டாவுக்கு நாளை எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்றார். ஏழு மணிக்கு வண்டி சொல்லியிருக்கிறேன்.