சதுர அலையின் மூலையில் நிற்கும் அரை வோல்ட்

மூன்றாம் செமஸ்டரில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாடத்துக்கு ஒரு அசைன்மென்ட் வந்தது. 0 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே மாறும் ஒரு சதுர அலை. சுழற்சி நேரம் 1 மில்லிசெகண்ட். முதல் பாதியில் 5 வோல்ட், அடுத்த பாதியில் 0. கேட்டது மூன்று விஷயம்: ஃபூரியர் குணகங்களைக் கண்டுபிடிக்க வேண்டும், பூஜ்யமாகாத ஹார்மோனிக்குகளில் முதல் ஒன்று, இரண்டு, மூன்று சேர்த்த பார்ஷியல் சம்களை கிராஃப் தாளில் கையால் வரைய வேண்டும், கடைசியாக, அலையின் மேல் விளிம்பைத் தாண்டும் ஓவர்ஷூட் 0.25 வோல்ட்டுக்குள் அடங்க எத்தனை ஹார்மோனிக் வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

முதல் பகுதியில் என் தவறு ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது எல்லாப் படத்தையும் கெடுத்தது. ஒரு புத்தகத்தில் `a0` என்பது நேரடியாகச் சராசரி, `1/T` போட்டு வருவது. இன்னொன்றில் `2/T` போட்டுவிட்டு, தொடரை `a0/2` என்று தொடங்குவார்கள். நான் இரண்டாவது புத்தகத்தின் இன்டக்ரலை எடுத்து, முதல் புத்தகத்தின் தொடரில் போட்டேன். சராசரி 5 என்று வந்தது. பாதி நேரம் 5, பாதி நேரம் 0 இருக்கும் அலைக்குச் சராசரி 2.5 தான் இருக்க முடியும். இன்டக்ரலில் கை வைப்பதற்கு முன்பே படத்தைப் பார்த்து இந்த எண்ணை ஓரத்தில் எழுதி வைத்திருந்தால், அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

மற்றது எளிது. 2.5-ஐக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒற்றைச் சார்பு, அதனால் கொசைன் எதுவும் வராது. சைன் குணகம் `5(1 - cos nπ)/(nπ)` என்று வரும். `n` இரட்டை எண் என்றால் பூஜ்யம், ஒற்றை எண் என்றால் `10/(nπ)`. அதாவது 3.183, 1.061, 0.637 வோல்ட், இப்படியே போகும்.

பக்கத்து அறைத் தோழிக்குக் கொசைன் மட்டுமே வந்திருந்தது, குறிகளும் பிளஸ், மைனஸ் என்று மாறி மாறி. யாருடையது தப்பு என்று இரவு பதினொரு மணி வரை பார்த்தோம். அவள் நேரத்தின் பூஜ்யத்தை பல்ஸின் நடுவில் வைத்திருந்தாள், நான் ஏறும் விளிம்பில் வைத்திருந்தேன். கால் சுழற்சி நகர்த்தினால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் கேள்வியில் முதல் பாதியில் 5 என்று இருந்ததால், அவள் மாற்றி எழுதினாள்.

இரண்டாவது பகுதியில்தான் நான் உண்மையில் சறுக்கினேன். முதல் ஹார்மோனிக்கைச் சரியாக வரைந்தேன். அதற்கு மேல், சதுர அலையை மெல்லிய கோடாகப் போட்டு, அதன் மேல் விளிம்பை ஒட்டி நெளிநெளியாக ஒரு கோடு இழுத்தேன். நெளிவுகள் எல்லாம் ஒரே உயரம், மூலைகள் உருண்டை. பார்க்க நன்றாகவே இருந்தது. சார் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூலையில் பென்சிலை வைத்தார். "ஏம்மா, இந்த முனை இங்கதான் வரும்னு எப்படி முடிவு பண்ணே? எத்தனை மேடு, எத்தனை பள்ளம்னு எண்ணினியா?" எண்ணவில்லை. இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார்.

அந்தக் கேள்வியிலேயே வழி இருந்தது. மேடும் பள்ளமும் எங்கே என்றால், சாய்வு பூஜ்யமாகும் இடம். ஒற்றைப்படை ஹார்மோனிக் `N` எண்ணிக்கை சேர்த்த கூட்டலை டிஃபரன்ஷியேட் செய்தால், `1/n` எல்லாம் அடிபட்டுப் போய், சம உயரமுள்ள கொசைன்கள் மட்டும் மிஞ்சும். `θ = 2πt/T` என்று வைத்துக்கொண்டு அந்தக் கூட்டலை `2 sin θ`-வால் பெருக்கினேன். அடுத்தடுத்த உறுப்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள, மிஞ்சியது இவ்வளவுதான்:

```
cos θ + cos 3θ + ... + cos (2N-1)θ = sin 2Nθ / (2 sin θ)
```

இது பூஜ்யமாகும் இடங்கள் `t = mT/(4N)`, `m` 1 முதல் `2N-1` வரை. ஆக 5 வோல்ட் இருக்கும் அரைச் சுழற்சியில் `N` மேடுகள், அவற்றுக்கு நடுவே `N-1` பள்ளங்கள், எல்லாம் சம இடைவெளியில். இந்த ஒரு வரி கிடைத்ததும் படம் வரைவது ஊகமாக இல்லாமல் புள்ளி வைக்கும் வேலையாக மாறிவிட்டது.

கிராஃப் தாளை அகலவாக்கில் வைத்து, ஒரு சுழற்சிக்கு 24 செ.மீ. எடுத்துக்கொண்டேன். 24 எதற்கென்றால், மூன்று கூட்டல்களுக்கும் முனைகள் முழு சென்டிமீட்டரில் வந்து விழும். ஒரு வோல்ட்டுக்கு 2 செ.மீ.

`N = 1` என்றால் 6 செ.மீ.யில் ஒரே மேடு, உயரம் 5.68 வோல்ட். `N = 2` என்றால் 3, 6, 9 செ.மீ.களில் முனைகள்: 5.50, 4.62, 5.50. `N = 3` என்றால் 2, 4, 6, 8, 10 செ.மீ.களில்: 5.47, 4.71, 5.26, 4.71, 5.47. நடுப்புள்ளியைச் சரிபார்ப்பது ரொம்பச் சுலபம், அங்கே சைன்கள் எல்லாம் +1 அல்லது -1 மட்டுமே. 2.5 + 3.183 - 1.061 = 4.622, அதோடு 0.637 சேர்த்தால் 5.259. அடுத்த அரைச் சுழற்சிக்குப் புதிய கணக்கே வேண்டாம். ஒவ்வொரு உயரத்தையும் 5-லிருந்து கழித்தால் போதும், பூஜ்யத்துக்குக் கீழே 0.47 வோல்ட் இறங்குவதும் அதிலேயே வந்துவிடும். அப்புறம், அலை தாவும் இடத்தில் எந்தக் கூட்டலும் சரியாக 2.5 வழியாகத்தான் போகும். என் முதல் படத்தில் அந்தக் கோடு தன் இஷ்டத்துக்கு எங்கேயோ போயிருந்தது.

புள்ளிகளை வைத்துச் சேர்த்த பிறகுதான், நான் முதலில் வரைந்தது எவ்வளவு தவறு என்று கண்ணுக்குத் தெரிந்தது. நெளிவுகள் ஒரே உயரம் இல்லை. நடுவில் சின்னதாகவும் விளிம்பை நெருங்க நெருங்கப் பெரிதாகவும் இருக்கின்றன. விளிம்பை ஒட்டிய மேடுதான் எல்லாவற்றிலும் உயரம். 5.68, 5.50, 5.47 என்று அது இறங்குகிறதே தவிர, இறக்கம் சீக்கிரமே நின்றுவிடும்போல இருந்தது.

மூன்றாவது பகுதிக்கு முதல் தடவை நான் 20 ஹார்மோனிக் என்று எழுதியிருந்தேன், உயரம் இறங்கிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில். இப்போது 50 சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று ஆக்டேவில் போட்டேன்:

```
t = 0:0.01:1;
s = 2.5*ones(size(t));
for n = 1:2:99
  s = s + 10/(pi*n)*sin(2*pi*n*t);
end
max(s)
```

வந்த விடை 4.984. ஓவர்ஷூட்டே இல்லை! மகிழ்ச்சியோடு எழுதப் போனவள், கையிலிருந்த சூத்திரத்தைப் பார்த்ததும் நின்றேன். `N = 50` என்றால் முதல் மேடு `T/200`-இல், அதாவது 0.005 மில்லிசெகண்டில் இருக்க வேண்டும். நான் 0.01, 0.02 என்று தாவுகிறேன். முனைகள் 0.005-க்கு ஒன்று என்பதால், 5 வோல்ட் இருக்கும் பாதியில் என் புள்ளிகள் எல்லாம் ஒன்று விட்டு ஒன்றாக, சரியாகப் பள்ளங்களில் மட்டும் போய் விழுந்திருக்கின்றன. ஒரு மேட்டைக்கூட நான் தொடவில்லை. வேறு விதமாகச் சொன்னால், கடைசி ஹார்மோனிக் 99 கிலோஹெர்ட்ஸ், நான் சாம்பிள் எடுத்ததோ 100 கிலோஹெர்ட்ஸில். அது போதாது என்பது இதே பாடத்தில் பின்னால் வரப்போகிற சாம்பிளிங் தேற்றம். படியை 0.001 ஆக மாற்றியதும் 5.45 வந்தது.

இதைக் கணக்கிலும் காட்ட முடிகிறது. `N` பெரிதாகும்போது முதல் மேட்டின் உயரம் ஒரு நிலையான எண்ணில் போய் நிற்கிறது. அந்த எண்ணைத் தருவது `sin x / x`-ஐ 0 முதல் `π` வரை இன்டக்ரேட் செய்தது. நம் அலைக்கு அது 5.447 வோல்ட். தாவல் 5 வோல்ட் என்றால் அதில் கிட்டத்தட்ட 9 சதவீதம், 0.447 வோல்ட், எத்தனை ஹார்மோனிக் சேர்த்தாலும் இருக்கும். அதனால் மூன்றாவது கேள்விக்கு விடை: எந்த எண்ணிக்கையும் போதாது.

மறுபடி கொண்டுபோனபோது சார் விடையைப் படித்துவிட்டு, "அப்போ இந்தத் தொடர் சதுர அலைக்குப் போய்ச் சேராதா?" என்று கேட்டார். இதற்கும் முனைகளின் இடம்தான் பதில். மேடு இருப்பது `T/(4N)`-இல். `N` கூடக்கூட அது விளிம்போடு ஒட்டி ஒல்லியாகிறது. விளிம்பை விட்டுத் தள்ளி எந்த ஒரு நேரத்தைப் பிடித்துக்கொண்டாலும், மேடு ஒருநாள் அந்த இடத்தைத் தாண்டி விளிம்புப் பக்கம் போய்விடும். அங்கே மதிப்பு 5-க்குப் போய்ச் சேரும். உயரம் குறைவதில்லை, அகலம்தான் குறைகிறது. அதனால் பிழையின் சராசரிப் பவரும் பூஜ்யத்துக்குப் போகிறது.

இதற்கு கிப்ஸ் விளைவு என்று பெயர். கிப்ஸ் 1898-இல் நேச்சர் இதழுக்கு எழுதிய கடிதத்தில் இந்த மேட்டைக் கவனிக்காமல் விட்டு, 1899-இல் இன்னொரு கடிதம் எழுதித் திருத்தினார் என்று சார் சொன்னார். வில்பிரஹாம் என்பவர் 1848-இலேயே இதை எழுதியிருந்தாராம், யாரும் கண்டுகொள்ளவில்லை. வகுப்பில் இதை ஒரு வரியில் தாண்டிப் போவதற்குப் பதிலாக, எல்லாரையும் ஒரு தடவையாவது முனைகளை எண்ண வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

"சரி, ஹார்மோனிக்கைக் கூட்டாம, ஓவர்ஷூட் மட்டும் போகணும்னா?" என்றார். அதற்கு வீட்டிலேயே தயாராகியிருந்தேன். ஃபெயர் என்பவர் 1900-இல் காட்டிய வழியில், குணகங்களை வெடுக்கென்று வெட்டாமல், `1 - n/(2N)` என்ற எடையால் படிப்படியாகக் குறைக்க வேண்டும். `N = 3` என்றால் எடைகள் 5/6, 1/2, 1/6. அதே தாளில் அதைப் புள்ளிக்கோடாக வரைந்திருந்தேன். ஒரு இடத்திலும் 5-ஐத் தாண்டவில்லை, பூஜ்யத்துக்குக் கீழும் போகவில்லை. ஆனால் விளிம்பில் ஏறுவது மெதுவாகிவிட்டது, நடுவிலும் 4.73 வோல்ட் வரைதான் எட்டியது. சார் ஸ்கேலை எடுத்து, 6 செ.மீ.யில் அந்தப் புள்ளிக்கோட்டின் உயரத்தை அளந்து, ஒன்பதரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே இருப்பதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.