பஞ்ச்லைன் முடிந்த பிறகு இன்னும் இரண்டு சிரிப்பு: டேக், டாப்பர் எழுதிப் பழகிய அனுபவம்

ஸ்டாண்ட்-அப் காமெடி பழக ஆரம்பிப்பவர்கள் புது ஜோக் எழுதுவதில்தான் நேரத்தைச் செலவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஐந்து நிமிட ஓப்பன் மைக்குக்கு எத்தனை ஜோக் வேண்டும் என்றுதான் கணக்குப் போடுவேன். நிமிடத்துக்கு நாலைந்து சிரிப்பாவது வர வேண்டும் என்று சொல்வார்கள். பஞ்ச்லைனுக்கு முன்னால் கதையை விளக்கும் பகுதியான செட்டப்பைச் சொல்லவே பதினைந்து வினாடி ஆகிறது. அதற்கு ஒரே ஒரு சிரிப்பு என்றால் கணக்கு எப்படிப் போட்டாலும் இடிக்கும். ஏற்கெனவே சிரிப்பு வாங்கிய ஜோக்கிலேயே அடுத்த சிரிப்பை எடுக்கப் பழகிய பிறகுதான் கணக்கு சரியாக வந்தது.

டேக் என்பது பஞ்ச்லைன் விழுந்ததும் புதிய செட்டப் எதுவும் இல்லாமல் சொல்லும் இன்னொரு பஞ்ச். கூட்டத்துக்கு ஏற்கெனவே தெரிந்ததே போதும், புதிதாக எதையும் விளக்க வேண்டாம். டாப்பர் என்பதும் அதே வகைதான். ஆனால் அது முந்தைய சிரிப்பின் மேல் ஏறி நின்று அதைத் தாண்ட வேண்டும். இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, அதைப் பற்றிச் சண்டை போடத் தேவையில்லை. நான் இங்கே நடுவில் வருவதை டேக் என்றும், கடைசியாக உச்சத்தில் வருவதை டாப்பர் என்றும் சொல்கிறேன்.

என்னுடைய ஒரு ஜோக்கையே எடுத்துக்கொள்கிறேன். மேடையில் பேசும் பேச்சிலேயே இருக்கட்டும்:

"என் ரூம்மேட் தினமும் சொல்வான், நீ குறட்டை விடுறடான்னு. நான் ஒத்துக்கவே மாட்டேன். ஒரு நாள் ராத்திரி பூரா ரெக்கார்ட் பண்ணிட்டான். காலையில ஹெட்போனை என் காதுல மாட்டி, 'இப்ப கேளுடா'ன்னான். கேட்டேன்... தூங்கிட்டேன்."

பஞ்ச் வேலை செய்கிறது. குறட்டையைக் கேட்டால் வெட்கப்படுவான் என்று எல்லோரும் நினைக்கும்போது இவன் தூங்கிவிடுகிறான். இனி அடுத்த சிரிப்பு.

பேனாவை எடுத்ததும் முதலில் வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "என் குறட்டையே எனக்குத் தாலாட்டு!" எழுதும்போது அழகாகத் தெரியும். மேடையில் சொன்னால் ஒரு புன்னகையோடு நின்றுவிடும். காரணம், இது பஞ்சையே வேறு சொற்களில் திரும்பச் சொல்கிறது. கூட்டம் அதைத் தானாகவே புரிந்துகொண்டுதான் சிரித்தது. இப்போது நாம் வந்து விளக்கவுரை சொல்கிறோம். ஜோக் இழுவையாகப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். டேக் நீளமாக இருப்பது மட்டும் காரணமில்லை. இரண்டே சொல்லில் டேக் போட்டாலும், புதிதாக எதுவும் நடக்கவில்லை என்றால் இழுப்பது போலத்தான் இருக்கும்.

நான் பழகிக்கொண்ட வழி, பஞ்ச் முடிந்த காட்சியை அப்படியே உறைய வைத்துவிட்டு அதற்குள் நின்று கேள்வி கேட்பது. இந்த அறையில் வேறு யார் இருக்கிறார்கள்? அவர் இப்போது என்ன பார்க்கிறார்? அடுத்து என்ன செய்வார்? குறட்டை ஜோக்கில் நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன், அதனால் என்னிடமிருந்து இனி ஒன்றும் வராது. எதிரில் ரூம்மேட் நிற்கிறான், கையில் போன் இருக்கிறது. நான் மறுபடியும் குறட்டை விடுகிறேன். அவன் என்ன செய்வான்?

"இப்ப அவன்கிட்ட ரெண்டு ரெக்கார்டிங் இருக்கு."

இந்த டேக்கில் நடந்ததை நான் சொல்லவே இல்லை. நான் தூக்கத்தில் மறுபடியும் குறட்டை விட்டேன், அவன் அதையும் பதிவு செய்தான் என்ற இரண்டு செய்தியையும் கூட்டமே நிரப்பிக்கொள்கிறது. சிரிப்பு அந்த நிரப்பலில்தான் இருக்கிறது. பார்வையும் என்னிடமிருந்து ரூம்மேட்டுக்கு மாறிவிட்டது. ஒரு டேக் பஞ்சிலிருந்து ஓரடியாவது நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க இதுதான் எளிய சோதனை: நேரமாவது, ஆளாவது, விளைவாவது மாறியிருக்க வேண்டும்.

இதற்குப் பிறகு "மூணாவது எடுக்க ஆரம்பிச்சிட்டான்" என்று போகத் தோன்றும். வேண்டாம். ஒன்று, இரண்டு வந்தபோதே மூன்று வரும் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. "ரெண்டையும் சேர்த்துப் போட்டா டூயட்" என்று ஒன்று எழுதியிருந்தேன், அதற்குச் சிரிப்பும் வரும். ஆனாலும் வெட்டினேன். அது தூக்கத்திலிருந்து இசைக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறது. அடுத்து வரவேண்டிய டாப்பர் தூக்கத்தை நம்பி நிற்கிறது. கூட்டம் டூயட்டை யோசித்துக்கொண்டிருக்கும்போது அதைத் திரும்ப இழுத்து வர ஒரு வாக்கியம் செலவாகும். டேக் நடுவில் அப்படி ஒரு வாக்கியம் வந்தாலே தொடர் அறுந்துவிடும். சிரிப்பு வாங்கும் வரியை வெட்டுவது வயிற்றெரிச்சல்தான். அதை நோட்டில் வைத்துக்கொள்ளலாம், வேறு ஜோக்கில் உதவும்.

டாப்பருக்கு நான் பஞ்சின் இயந்திரத்தையே திரும்ப எடுத்தேன். இந்த ஜோக்கின் விதி, அந்த ரெக்கார்டிங்கைக் கேட்டால் தூக்கம் வரும். இதுவரை அது என்னை மட்டும்தான் தூங்க வைத்தது. இன்னொருவர் கேட்டால்?

"கம்ப்ளெயிண்ட் பண்றதுக்கு ஹவுஸ் ஓனருக்கு அனுப்பினான். இந்த மாசம் வாடகை கேட்டு ஆளே வரல."

ஹவுஸ் ஓனர் தூங்கிவிட்டார் என்று எங்கேயும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் சிரிப்பு பாதியாகும். பஞ்சின் விதி அதேதான், அளவு மட்டும் பெரிதாகிவிட்டது: நான் காலையில் கொஞ்ச நேரம் தூங்கினேன், அவர் ஒரு மாதமாகத் தூங்குகிறார். டாப்பர் என்ற பெயருக்குத் தகுதி வருவது இந்த ஏற்றத்தால்தான்.

ஆனால் இதைச் சொல்லிப் பார்த்தபோது ஒரு சிக்கல் வந்தது. சில இடங்களில் நன்றாக வெடிக்கும், சில இடங்களில் சத்தமே இருக்காது. மேடையில் நான் பேசியதன் ரெக்கார்டிங்கைக் கேட்டதில் காரணம் புரிந்தது. டேக்குக்கு வந்த சிரிப்புச் சத்தத்துக்குள் "ஹவுஸ் ஓனருக்கு" என்ற சொல் மூழ்கிவிடுகிறது. அந்த ஒரு சொல் காதில் விழாவிட்டால் வாடகை எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியாது. அவர் அந்த வரியில்தான் முதல்முறையாக வருகிறார், அதாவது டாப்பருக்குள் ஒரு குட்டி செட்டப் ஒளிந்திருக்கிறது.

அதனால் அவரை மேலே கொண்டுபோனேன். செட்டப்பில் "நான் ஒத்துக்கவே மாட்டேன்" என்பதற்குப் பிறகு, "ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லிருவேன்னு மிரட்டுவான்" என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த இடத்தில் அது சாதாரண விவரம் போலத்தான் இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். டாப்பர் இப்போது இப்படிச் சுருங்கியது: "ஹவுஸ் ஓனருக்கு அனுப்பிட்டான். இந்த மாசம் வாடகை கேட்டு ஆளே வரல." டாப்பருக்கு விவரம் தேவைப்பட்டால் அதை டாப்பரில் சொல்லாதீர்கள், செட்டப்பில் விதைத்துவிடுங்கள். செட்டப் ஒரு வரி நீண்டாலும் கூட்டம் பொறுத்துக்கொள்ளும், பஞ்சுக்குப் பிறகு ஒரு வரி நீண்டால் பொறுக்காது.

அப்புறம் எப்போது சொல்வது என்ற கேள்வி. சிரிப்பு ஏறும், உச்சத்துக்குப் போகும், இறங்கும். ஏறும்போது பேசினால் அந்தச் சிரிப்பை நாமே மிதித்துவிடுகிறோம். நான்கைந்து முறை அப்படிச் செய்தால் கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிடும். முழு அமைதி வரும்வரை காத்திருந்தால் அது டேக்காக இல்லாமல் தனி வாக்கியமாகக் கேட்கும், தன் காலில் நிற்கச் சக்தியும் அதற்கு இருக்காது. சத்தம் உச்சத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கிய இடம்தான் சரியான இடம். "இப்ப அவன்கிட்ட ரெண்டு ரெக்கார்டிங் இருக்கு" மாதிரிக் குட்டி வரியைக் கொஞ்சம் முன்னதாகவே விடலாம். டாப்பர் இரண்டு வாக்கியம் என்பதால் சத்தம் இன்னும் கொஞ்சம் தணிய விட வேண்டும்.

உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பஞ்ச் முடிந்ததும் தோளைத் தளர்த்தி, தண்ணீர் பாட்டிலைத் தேடி, இரண்டடி நகர்ந்தால் ஜோக் முடிந்தது என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டோம். அதன் பிறகு வரும் டேக் ஒட்டுப்போட்டது போல இருக்கும். நான் இந்த ஜோக்கில் "தூங்கிட்டேன்" சொல்லும்போது தலையைச் சாய்ப்பேன். டாப்பர் முடியும்வரை தலை நிமிராது.

எத்தனை போடலாம்? இரண்டு, மிஞ்சினால் மூன்று என்பதுதான் என் வழக்கம். இதில் எண்ணைவிடச் சத்தத்தின் வடிவம்தான் முக்கியம். உங்கள் ரெக்கார்டிங்கைக் கேட்டு ஒவ்வொரு சிரிப்புக்கும் பெரிது, நடுத்தரம், சிறிது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். நடுவில் ஒன்று சிறிதாக இருக்கலாம், அது மூச்சு வாங்கும் இடம். கடைசி ஒன்று சிறிதாக இருந்தால் அதை வெட்டுங்கள், அதற்கு முந்தையதே கடைசியாகட்டும். பெரிது, நடுத்தரம், சிறிது என்று வரிசையாக இறங்கினால் மூன்றுமே ஒரே சிரிப்பின் எதிரொலி என்று அர்த்தம். பெரும்பாலும் தாலாட்டு வகை ஏதோ ஒன்று உள்ளே இருக்கும்.

பஞ்சே விழவில்லை என்றால்? என் ஜோக்கில் டேக்கும் டாப்பரும் "தூங்கிட்டேன்" என்பதை நம்பி நிற்கின்றன. அது சிரிப்பு வாங்காத அன்று இரண்டையும் சொன்னால் ஒரு தோல்விக்குப் பதில் மூன்றாகும். பாதிச் சிரிப்பு வந்தால் குட்டி டேக்கை மட்டும் போட்டுப் பார்ப்பேன், சத்தம் ஏறினால் டாப்பர். ஏறாவிட்டால் அடுத்த ஜோக். இந்த முடிவை மேடையில் எடுக்க வேண்டுமானால் எந்த வரி எதை நம்பி நிற்கிறது என்று வீட்டிலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

செட்டின் கடைசி ஜோக்குக்கு மட்டும் நான் டேக் எழுதுவதில்லை. அங்கே பெரிய சிரிப்பு வந்துவிட்டால், அது இறங்குவதற்குள் நன்றி சொல்லி மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிடுவேன்.