தேங்காய் ஏறிய மாதத்தில் எடுத்த வீடியோ

திருகோணமலையில் சின்னக் கடைகளுக்கு வீடியோ எடுத்துக் கொடுப்பது என் தொழில். 2024 கடைசியில் தேங்காய் விலை ஏறியபோது, உப்புவெளியில் இடியப்பப் பார்சல் விற்கும் அக்கா ஒருவர் விலையேற்றத்தை அறிவிக்க என்னைக் கூப்பிட்டார். பத்து இடியப்பம், சம்பல், சொதி சேர்ந்த பார்சல் 180 ரூபாய். அதை 200 ஆக்க வேண்டும்.

முதலில் அவர் நாட்டு நிலைமையில் தொடங்கி, விலையைக் கடைசியில்தான் சொன்னார். "விலையை முதலே சொன்னா சனம் போயிடும் தம்பி" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலை தெரியாமல் காரணம் கேட்கிறவர், எவ்வளவு கூடப்போகிறதோ என்ற யோசனையிலேயே இருப்பார், காரணம் காதில் ஏறாது. அதனால் புதிய விலையையும் எந்தத் தேதியில் இருந்து என்பதையும் முதல் வசனத்திலேயே வைத்தோம்.

காரணத்துக்கு, அவர் திருவலையில் தேங்காய் திருவும் கையைக் கிட்டத்தில் எடுத்தேன். திருவியபடியே கணக்குச் சொன்னார்: "ஒரு தேங்காய் அஞ்சு பார்சலுக்குக் காணும். 120க்கு வாங்கினது இப்ப 200. அதிலயே பார்சலுக்கு 16 ரூபா கூடிட்டுது. மாவு, காஸ் எல்லாம் சேர்த்து இன்னும் ஆறு. 22 ரூபாயில 20ஐத்தான் உங்களிட்டக் கேக்கிறன்." அந்த இரண்டு ரூபாயைத் தான் தாங்குவதாக அவர் தனியாகச் சொல்லவேயில்லை. கணக்கே சொல்லிவிட்டது. பொருளாதாரம் பற்றிய பேச்சு முழுவதையும் வெட்டினேன். எல்லாக் கடைக்கும் பொருந்துகிற காரணம், அவருடைய காரணமாகக் கேட்காது.

அப்புறம் இடியப்பத்தைத் தட்டில் எண்ணி வைத்துக் காட்டினோம். விலையைக் கூட்டாமல் எண்ணிக்கையைக் குறைக்கிற கடைகளைச் சனத்துக்குத் தெரியும், அந்தச் சந்தேகம் கேட்காமலே வரும். சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காக விலையையும் தேதியையும் எழுத்திலும் போட்டேன். கந்தோர்களில் சிங்களவர்களும் வாங்குவதால் சிங்களத்திலும்.

பேஸ்புக்கில் போடுவதற்கு முதல் நாளே வீடியோ வழமையான ஆட்களின் வாட்ஸ்அப்புக்குப் போனது. தினமும் வாங்குகிறவர், விலை கூடியதை மற்றவர் வாயால் கேட்கக்கூடாது. மாதக் காசை முன்கூட்டியே கட்டியவர்களுக்கு மாத முடிவு வரை பழைய விலைதான் என்றும் அதில் இருந்தது.

ஒருவர் உடனே கேட்டார்: "தேங்காய் இறங்கினா நீங்களும் குறைப்பீங்களா?" வீடியோவில் 'தற்காலிகம்' என்று அக்கா சொல்ல நினைத்ததை நான் தடுத்தது இதற்காகத்தான். தேங்காய் இறங்கினாலும் மாவு ஏறியிருக்கலாம். "அப்ப திரும்பக் கணக்குப் பாத்துச் சொல்லுறன்" என்று மட்டும் பதில் போட்டார்.

பெரும்பாலானவர்கள் தொடர்ந்து வாங்கினார்கள். காலைச் சாப்பாட்டுக்கு இவ்வளவுதான் என்று ஒதுக்கி வைத்திருக்கிற சிலருக்கு எந்த விளக்கமும் உதவாது. அவர்களுக்காக அக்கா அடுத்த கிழமையே ஐந்து இடியப்பத்தில் 110 ரூபாய்க்கு அரைப் பார்சல் போடத் தொடங்கினார்.