‘நானுக்கு’ சொல்லிக்கொடுத்த பாடம்

ஆசிரியர் தகுதித் தேர்வான சிடெட்டின் முதல் தாளில் தமிழை மொழி ஒன்றாகவும் ஆங்கிலத்தை மொழி இரண்டாகவும் எடுத்திருந்தேன். ஆங்கிலத்துக்கு 30 கேள்வி. அதில் 15 பத்தியைப் படித்து விடை சொல்வது, மீதி 15 பிள்ளைகள் மொழி கற்கும் விதம் பற்றியது. சேலத்தில் எழுதிய முதல் மாதிரித் தேர்வில் பத்தியில் 13 வாங்கினேன், கற்பித்தலில் ஆறுதான்.

விடைத்தாளைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. பிள்ளை தப்பாகப் பேசினால் டீச்சர் என்ன செய்யணும் என்று வந்த இடத்திலெல்லாம் ‘உடனே திருத்தணும்’ என்று குறித்திருந்தேன். என்னை அப்படித்தானே வளர்த்தார்கள்!

அந்த வாரம் ஏற்காட்டில் அக்கா வீட்டுக்குப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை, தலை சுற்றல். வீட்டில் நுழைந்ததும் நாலு வயசு அக்கா மகள், “சித்தி, நானுக்கு மிட்டாய்!” என்றாள். போன முறை ‘எனக்கு’ என்று சரியாகச் சொன்னவள். கெட்டுப்போச்சே என்று அக்காவுக்குக் கவலை. எனக்கோ, பிடித்த விதியைப் பொருந்தாத இடத்திலும் போடும் மிகைப்பொதுமைப்படுத்தல் பாடம் அங்கேயே விளங்கிவிட்டது. முன்பு ‘எனக்கு’ அவளுக்குக் கேட்டு மனசில் தங்கிய ஒரு முழுச் சொல். இப்போது அம்மாவுக்கு, பாப்பாவுக்கு என்பதிலிருந்து ‘உக்கு’ என்ற விதியைப் பிடித்து ‘நான்’ மேல் ஒட்டுகிறாள். ஆங்கிலக் குழந்தை ‘வென்ட்’ என்று சொல்லிவிட்டுப் பிறகு ‘கோ’வோடு இறந்தகால ‘ed’ சேர்த்து ‘goed’ என்பதும் இதுதான். யாரும் சொல்லிக்கொடுக்காத சொல் அது, கேட்டுப் படித்திருக்க முடியாது.

எல்லாத் தப்பையும் இந்தக் கணக்கில் சேர்த்தும் மாட்டிக்கொண்டேன். நம் பையன் ‘ஐ மேங்கோ ஈட்’ என்றால் அது தமிழ் வாக்கிய வரிசை, தாய்மொழித் தாக்கம். அப்புறம் ஒரே சோதனை வைத்துக்கொண்டேன்: அந்தத் தப்புக்குத் தமிழில் அச்சு இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் தாக்கம். இல்லாமல், ஆங்கில விதியே எல்லை மீறியிருந்தால் மிகைப்பொதுமை.

திருத்தும் விதத்துக்குப் புத்தகம் சொல்லும் விடை, பிள்ளை சொன்னதையே சரியான வடிவில் பேச்சோடு பேச்சாகத் திருப்பிச் சொல்வது. அவளிடம் செய்து பார்த்தேன். “உனக்கு மிட்டாயா?” என்று கேட்டதும் சிரிப்பு வந்தது. அவளுக்கு வேண்டிய ‘எனக்கு’ என் வாயில் வரவே இல்லையே! கடைசியில் மிட்டாயைக் கொடுத்துவிட்டு, “எனக்கும் ஒண்ணு குடு” என்று கை நீட்டினேன்.

“நானுக்கே பத்தாது சித்தி” என்றாள்.

பரீட்சையில் கற்பித்தல் பகுதியில் 12 வந்தது.