பாலிசி நடுவில் ஆஸ்பத்திரி நெட்வொர்க்கை விட்டுப் போனால்

அம்மாவின் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்குத் தேதி குறித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் இன்சூரன்ஸ் கவுண்டரில் கார்டை நீட்டினேன். "சேட்டா, இந்தக் கம்பெனிக்கு இப்போ கேஷ்லெஸ் இல்லை" என்றாள் அந்தப் பெண். கட்டண ரேட்டில் இரண்டு தரப்புக்கும் ஒத்துவராமல் ஒப்பந்தம் முறிந்து, கம்பெனியின் நெட்வொர்க்கிலிருந்து ஆஸ்பத்திரி விலகியிருந்தது. பாலிசி முடிய இன்னும் பல மாதம் இருந்தது.

இதில் பாலிசிக்கு ஒன்றும் ஆகாது. கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதிதான் போகும். பணத்தைக் கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்டில் திரும்பக் கேட்கலாம். ஆனால் அதற்கு முன் இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது, ஆஸ்பத்திரி வெறுமனே விலகியதா, அல்லது கம்பெனி தன் இணையதளத்தில் போடும் விலக்கப்பட்ட ஆஸ்பத்திரிகள் பட்டியலில் இருக்கிறதா என்று. அந்தப் பட்டியலில் இருந்தால் திட்டமிட்ட சிகிச்சைக்கு ஒரு பைசா வராது. விபத்து, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நோயாளியின் நிலை சீராகும்வரை ஆன செலவு கிடைக்கும். இரண்டாவது, நெட்வொர்க்குக்கு வெளியே போனால் நம் பங்காக இத்தனை சதவீதம் என்று பாலிசியில் நிபந்தனை இருக்கிறதா என்று. நல்லவேளை, எங்களுக்கு இரண்டும் இல்லை.

நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் கிடைக்க 2024-இல் தொடங்கிய 'கேஷ்லெஸ் எவ்ரிவேர்' ஏற்பாட்டையும் கேட்டுப் பார்த்தேன். முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள். ஆனால் ஆஸ்பத்திரியும் சம்மதிக்க வேண்டுமே! ரேட்டுக்காகச் சண்டை போட்டு வெளியே வந்தவர்கள் அதே கம்பெனிக்கு எப்படிச் சம்மதிப்பார்கள்? கையை விரித்துவிட்டார்கள். கோயம்புத்தூரில் நெட்வொர்க் ஆஸ்பத்திரிகள் இருந்தன, நம் பாலிசி அங்கும் செல்லும். ஆனால் அம்மா, "இந்த டாக்டரம்மாதான் பார்க்கணும்" என்று ஒரே பிடியாக நின்றார். சரி, கைப்பணம் போட்டே செய்வோம் என்று முடிவு செய்தோம். சேர்வதற்கு முன்பே கம்பெனிக்கு மெயிலில் தகவல் கொடுத்துவிட்டேன்.

டிஸ்சார்ஜ் அன்று பில்லைவிட என்னை அலைக்கழித்தது கிளெய்ம் ஃபார்மின் 'பி' பகுதி. அதை ஆஸ்பத்திரிதான் நிரப்ப வேண்டும். அதன் கடைசியில் நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரிகளுக்கென்றே ஒரு கட்டம் உண்டு: பதிவு எண், பான் எண், எத்தனை படுக்கை, ஆபரேஷன் தியேட்டர், ஐசியூ இருக்கிறதா என்று. இவ்வளவு காலம் நெட்வொர்க்கில் இருந்தவர்களுக்கு அதை நிரப்பிப் பழக்கமே இல்லை, காலியாக விட்டு சீல் குத்திக் கொடுத்தார்கள். அப்படியே அனுப்பினால், இது பாலிசி சொல்லும் 'ஆஸ்பத்திரி'தானா என்ற கேள்வியோடு ஃபைல் திரும்பி வரும். நின்று எழுதி வாங்கினேன். அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரி, விவரப் பில், பணம் கட்டிய ரசீதுகள், மருந்துச் சீட்டோடு மருந்து பில்கள், ரத்துசெய்த காசோலை, எல்லாம் ஒரிஜினலாக. நகலை நான் வைத்துக்கொண்டேன்.

கட்டியது 88,000 ரூபாய், வந்தது 81,300. கையுறை, பதிவுக் கட்டணம் மாதிரியான மருத்துவமல்லாத செலவுகளைக் கழித்திருந்தார்கள். சேர்வதற்கு முன் வெளியே எடுத்த ஸ்கேன் பில் அதில் சேரவில்லை. பாலிசியில் அதற்கும் இடமிருப்பதால் தனியாக அனுப்பியிருக்கிறேன்.