கும்மி செட்டை வாடகைக்கு விட்ட கதை

எங்க ஊர் வள்ளி கும்மிக் குழுவுக்காக வாங்கின சவுண்ட் செட் என் வீட்டுத் திண்ணை ரூமில்தான் இருக்கிறது. ஆம்பிளிபயர் உள்ளேயே இருக்கும் 12 இஞ்ச் பாக்ஸ் இரண்டு, ஸ்டாண்டு, சின்ன மிக்சர், கார்ட்லெஸ் மைக் இரண்டு. சனிக்கிழமை ராத்திரி பயிற்சிக்கும் அரங்கேற்றத்துக்கும் மட்டும்தான் வெளியே வரும், மத்த நாளெல்லாம் போர்வை மூடிக் கிடக்கும். அதனால் காதுகுத்து, சீர், வளைகாப்பு என்று கேட்டு வருகிற சொந்தக்காரர், தெரிந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் வாடகை, 5,000 அட்வான்ஸ் என்று குழுவில் பேசி விட ஆரம்பித்தோம். வாடகைக் காசு சலங்கைக்கும் புடவைக்கும் போகிறது.

அட்வான்ஸ் எவ்வளவு வாங்குவது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியம், கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ஒரே பாட்டை, ஒரே அளவு சத்தத்தில், ஒரே இடத்தில் வைத்து இரண்டு பேரும் சேர்ந்து கேட்பது. நான் சலங்கைச் சத்தம் நன்றாக வரும் ஒரு கும்மிப் பதிவை வைப்பேன். முதலில் இடது பாக்ஸ் மட்டும், அப்புறம் வலது மட்டும். அதைப் போனில் வீடியோ எடுத்து, பாக்ஸ் பின்னால் இருக்கும் சீரியல் நம்பரையும் காட்டி, அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். ஏன் சலங்கை என்றால், அந்த மாதிரி கூர்மையான சத்தம் பாக்ஸின் மேலே இருக்கும் ஹாரனில் இருந்துதான் வரும். பாக்ஸில் முதலில் சாவது பெரும்பாலும் அந்த ஹாரனுக்குள் அதிரும் மெல்லிய டயபிரம்தான், அது போனாலும் கீழே இருக்கும் 12 இஞ்ச் ஸ்பீக்கர் பாடிக்கொண்டே இருப்பதால் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

சென்னிமலைப் பக்கம் ஒரு காதுகுத்துக்குக் கொண்டுபோன அண்ணன் திரும்பக் கொண்டுவந்தபோது அதுதான் நடந்திருந்தது. "செட்டு நல்லாத்தானுங்க பாடுச்சு" என்றார், அவர் பொய் சொல்லவில்லை. பாட்டை வைத்தோம். வலது பாக்ஸில் சலங்கை கலீர் என்று கேட்கிறது. இடது பாக்ஸில் பாடுகிறவர் குரல் பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது, 'ச' எழுத்தே விழவில்லை. உடனே பாக்ஸ் மேல் பழி போடாமல், மிக்சரில் இருந்து வரும் இரண்டு ஒயரையும் பாக்ஸ் பக்கத்தில் இடம் மாற்றிக் குத்தினேன். கோளாறு அடுத்த பாக்ஸுக்குப் போனால் ஒயரிலோ மிக்சரிலோ பிரச்சினை. போகவில்லை, இடது பாக்ஸிலேயே நின்றது. போனில் இருந்த பழைய வீடியோவை அவரே போட்டுக் கேட்டார், அதற்குப் பிறகு பேச்சு வளரவில்லை. ஈரோட்டில் மெக்கானிக் ஹாரனைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தார். சில ஓம்ஸ் காட்ட வேண்டிய டயபிரத்துக் காயில் ஒன்றுமே காட்டவில்லை, கம்பி கருகி அறுந்திருந்தது. டயபிரத்தை மட்டும் மாற்றினோம், கூலியோடு 1,800 ஆனது. பில்லைக் காட்டி மீதி அட்வான்ஸைக் கொடுத்தோம்.

எப்படிக் கருகியது என்று விசாரித்தால், சாயங்காலம் பசங்க கையில் மிக்சர் போயிருக்கிறது. சத்தம் பத்தவில்லை என்று திருகத் திருக, சிவப்பு லைட் அணையாமல் எரிந்திருக்கிறது. அப்படி எரிந்தால் சத்தத்தின் அலை உச்சியில் வெட்டுப்பட்டுப் போகிறது என்று அர்த்தம், வெட்டுப்பட்ட சத்தம் ஹாரனுக்குத் தாங்க முடியாத சூட்டைக் கொடுக்கும். இப்போது ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் இதுவரைதான் என்று சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். பாட்டில் எப்போதாவது லைட் மின்னினால் பரவாயில்லை, நின்று எரிந்தால் உடனே குறைக்கணும். இதைக் கொடுக்கும்போதே அவர்கள் கையாலேயே ஒரு தடவை செய்யச் சொல்கிறேன்.

கரண்டும் இதே அளவுக்கு ஆபத்து. தோட்டத்துப் பக்கம் அவசரத்துக்கு இழுத்த த்ரீ பேஸ் லைனில் நியூட்ரல் லூசானால் 230 வர வேண்டிய இடத்தில் 300க்கு மேலேயும் வரும், பாக்ஸுக்குள் இருக்கும் போர்டு ஒரு நொடியில் போய்விடும். அதனால் பிளக்கில் குத்திப் பார்க்கும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று செட்டோடவே போகும். 245க்கு மேல் காட்டினாலோ, லைட் போடும்போதெல்லாம் நம்பர் தாவினாலோ பாக்ஸைச் சொருகவே கூடாது. ஜெனரேட்டர் என்றாலும் இதே சோதனைதான், அதோடு ஜெனரேட்டரை நிறுத்துவதற்கு முன் பாக்ஸை ஆஃப் செய்துவிட வேண்டும்.

போலீஸ் அனுமதி வாங்குவது வாடகைக்கு எடுப்பவர் பொறுப்பு, ராத்திரி 10 மணிக்கு மேல் வெளியில் பாடக்கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கோவில் பொங்கலுக்கு, திறந்த மைதானத்துக்கு என்று கேட்டால் தருவதில்லை. வீட்டு வாசல் பந்தலுக்கும் சின்ன மண்டபத்துக்கும் இந்த இரண்டு பாக்ஸ் தாராளம். திறந்த வெளியில் சத்தம் கரைந்துவிடும், எட்டவில்லை என்று டேப்பைத் தாண்டித்தான் திருகுவார்கள். அந்த மாதிரி விசேஷத்துக்கு டவுனில் ஆளோடு வரும் மைக் செட்காரர் நம்பரைக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.