சிபிஏபி விண்ணப்பம்: நான்காவது பகுதியில்தான் இடறும்

பிசினஸ் அனலிஸ்ட் வேலையில் சில வருடம் ஓட்டியவர்கள் சிபிஏபி சான்றிதழ் பற்றி விசாரிக்கும்போது, பெரும்பாலும் பரீட்சைக்கு என்ன படிக்கலாம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் முதலில் மணிநேரக் கணக்கைத்தான் கேட்பேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டால்தான் பரீட்சையே எழுத முடியும்.

பிசினஸ் அனலிஸ்ட்டுகளுக்கான ஐஐபிஏ அமைப்பின் சான்றிதழ்களில் ஈசிபிஏவுக்கு அனுபவம் தேவையில்லை. சிசிபிஏவுக்குக் கடந்த 7 வருடத்தில் 3,750 மணிநேரம் பிசினஸ் அனலிஸ்ட் வேலை, அதாவது பிஏ வேலை செய்திருக்க வேண்டும். சிபிஏபிக்குக் கடந்த 10 வருடத்தில் 7,500 மணிநேரம். இதை எல்லாரும் தெரிந்து வைத்திருப்பார்கள். கூடவே வரும் இன்னொரு நிபந்தனையைத்தான் கவனிப்பதில்லை: ஐஐபிஏவின் வழிகாட்டி நூலான பாபாக், பிஏ வேலையைப் பிரிக்கும் ஆறு பகுதிகளில், அதாவது நாலெட்ஜ் ஏரியாக்களில், நான்கில், ஒவ்வொன்றிலும் குறைந்தது 900 மணிநேரம் காட்ட வேண்டும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். இன்சூரன்ஸ் கிளெய்ம் ப்ராஜெக்ட், 14 மாதம். மாதம் 150 மணிநேரம் என்றால் மொத்தம் 2,100. இதில் டெஸ்ட் கேஸ் ஓட்டியது, ப்ராஜெக்ட் மேனேஜருக்காக ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் தயாரித்தது, யூசர்களுக்கு ட்ரெய்னிங் கொடுத்தது எல்லாம் பிஏ வேலைக் கணக்கில் வராது. அதற்கு 500 கழித்தால் மீதி 1,600. அந்த 1,600 இப்படிப் பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ரிக்வயர்மென்ட் அனாலிசிஸ், டிசைன் பகுதியில் 640, தேவைகளைக் கேட்டறியும் எலிசிடேஷனில் 400, ரிக்வயர்மென்ட் லைஃப் சைக்கிளில் 320, பிளானிங்கில் 160, சொல்யூஷன் எவாலுவேஷனில் 80. ஸ்ட்ராட்டஜி அனாலிசிஸில் பூஜ்யம், ஏனென்றால் ப்ராஜெக்ட் வேண்டுமா வேண்டாமா என்பதை பிஏ வருவதற்கு முன்பே கிளையன்ட் முடிவு செய்துவிட்டார். சர்வீஸ் கம்பெனிகளில் இது சகஜம்.

இதே மாதிரி ஐந்து ப்ராஜெக்ட் செய்தவருக்கு மொத்தம் 8,000 மணிநேரம் வந்துவிடும். 7,500 தாண்டியாச்சு என்று நிம்மதியாக இருப்பார். ஆனால் பகுதிவாரியாகப் பாருங்கள்: 3,200, 2,000, 1,600, அப்புறம் பிளானிங்கில் 800. நான்காவது பகுதியில் 100 மணிநேரம் குறைகிறது. இந்தக் கணக்கோடு அவர் சிபிஏபிக்கு விண்ணப்பிக்க முடியாது.

இங்கே எண்ணை இழுத்து நீட்டாதீர்கள். செய்த வேலையைச் சரியான பகுதியில் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். யார் யார் ஸ்டேக்ஹோல்டர், அவர்களுக்கு எவ்வளவு செல்வாக்கு, யாரிடம் எப்படிப் பேசுவது என்று ஆராய்ந்ததை நிறைய பேர் எலிசிடேஷனில் போட்டுவிடுகிறார்கள். பாபாக் கணக்குப்படி அது பிளானிங். சேஞ்ச் ரிக்வெஸ்ட்டை யார் அங்கீகரிப்பது என்று விதி வகுத்ததும் பிளானிங்தான். ஆனால் வந்த ஒவ்வொரு சேஞ்சின் பாதிப்பையும் அலசியது லைஃப் சைக்கிளில் சேரும். பழைய டாக்குமென்ட்டுகளைத் திறந்து இப்படிப் பிரித்தாலே, உண்மையாகவே செய்த மணிநேரங்கள் உரிய இடத்துக்கு வந்துவிடும்.

அப்படியும் எட்டாவிட்டால், அடுத்த ப்ராஜெக்டில் அந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள். எனக்குத் தெரிந்து சுலபமாகக் கிடைப்பது சொல்யூஷன் எவாலுவேஷன். கோ-லைவ் முடிந்ததும் பிஏவை வேறு டீமுக்கு மாற்றிவிடுவதால்தான் அந்த மணிநேரம் சேர்வதில்லை. கிளெய்ம் தீர்க்கும் நேரம் உண்மையில் குறைந்ததா, யூசர்கள் எங்கே இன்னும் எக்செல் ஷீட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதித் தருகிறேன் என்று சொன்னால் மேனேஜர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: 10 வருடம் என்பது நகரும் எல்லை. ஒரு பக்கம் புது மணிநேரம் சேரச் சேர, மறுபக்கம் பழைய ப்ராஜெக்டுகள் கழன்றுகொண்டே போகும்.

இதையெல்லாம் விண்ணப்பிக்கும் வாரத்தில் உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதுவது பெரும்பாடு. மாதக் கடைசியில் ஒரு ஷீட்டில் ப்ராஜெக்ட், ஆறு பகுதிகளுக்கான மணிநேரம், அதற்குச் சான்றாக இருக்கும் டாக்குமென்ட் எது, அதை அறிந்த ஒருவரின் பெயர், அவருடைய தனிப்பட்ட மெயில் ஐடி என்று எழுதி வையுங்கள். ஆபீஸ் மெயில் போதாது, அவர் வேலை மாறினால் செத்துப்போகும். விண்ணப்பம் தணிக்கைக்குத் தேர்வானால் நீங்கள் எழுதியதை உறுதிசெய்ய ஆள் வேண்டும்.

கடைசி நான்கு வருடத்துக்குள் 35 மணிநேரப் பயிற்சியும் இரண்டு பரிந்துரைகளும் தேவை. பயிற்சி பிஏ சம்பந்தமானதாக இருக்க வேண்டும். பரிந்துரைக்கு உங்கள் வேலையை நேரில் பார்த்த மேனேஜரையோ கிளையன்ட்டையோ கேளுங்கள், விண்ணப்பத்தில் அவர் பெயரைப் போடுவதற்கு முன்பே அவரிடம் மணிநேர ஷீட்டையும் காட்டிவிடுங்கள்.